நான்கு மாதம் வாடகை இல்லை, ஆனால் வாடகைச் செலவு உண்டு

2022 மே மாதம். வருடக் கணக்கு முடிக்கும் நேரம். எங்கள் ஆடிட்டர் டாலியில் வாடகை லெட்ஜரைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மணி, ஆகஸ்ட்லயே பில்டிங் சாவி வாங்கிட்டீங்க. வாடகை டிசம்பர்ல இருந்துதான் எழுதியிருக்குது. நடுவுல நாலு மாசம் எங்க போச்சு?" என்று கேட்டார்.

"அந்த நாலு மாசம் ஓனர் வாடகை வேண்டாம்னுட்டாருங்க சார். பில்லே வரல. என்னத்த எழுதறது?"

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "லீஸ் அக்ரிமென்ட எடுத்துட்டு வாங்க" என்றார். அன்று மாலைக்குள் எங்கள் அந்த வருட லாபம் 6,70,838 ரூபாய் குறைந்தது. ஒரு பைசா கூடுதலாகக் கையை விட்டுப் போகாமலே குறைந்தது.

கோயம்புத்தூரில், பம்புத் தயாரிப்பாளர்களுக்கும் இயந்திரக் கம்பெனிகளுக்கும் வரைபடம் போட்டுத் தரும் நாற்பது இருக்கை கொண்ட ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் நான் கணக்கு பார்க்கிறேன். கம்பெனிகளின் கணக்கில் பதினைந்து வருட அனுபவம் இருந்தும், இந்த விஷயத்தில் நான் தவறிய இடங்கள் மூன்று. வாடகைச் சலுகையோடு இடம் எடுக்கும் சிறு கம்பெனிகள் இப்போது நிறைய. அங்கே கணக்கு எழுதுகிறவர்களுக்கு உதவும் என்பதால் எங்கள் எண்களை அப்படியே வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒப்பந்தம். 2021 ஆகஸ்ட் 1 முதல் 2026 ஜூலை 31 வரை, அறுபது மாதம். இன்டீரியர் வேலை செய்துகொள்ள முதல் நான்கு மாதம் வாடகை இல்லை. டிசம்பர் 1 முதல் மாதம் 1,60,000 ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. முதல் மூன்று வருடம் லாக்-இன், அதாவது அதற்குள் நாங்கள் காலி செய்ய முடியாது. அதன் பிறகு மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துக் கிளம்பலாம். கோவையிலும் சென்னையிலும் நீங்கள் பார்க்கிற பல அலுவலக ஒப்பந்தங்கள் ஏறக்குறைய இந்த வடிவில்தான் இருக்கும்.

நான் செய்திருந்தது எளிது. பில் வந்த மாதம் வாடகை எழுதினேன். பில் வராத மாதம் எழுதவில்லை. மின்சாரக் கட்டணத்துக்கு அது சரி. ஓடிய யூனிட்டுக்குத்தானே பில் வருகிறது. வாடகைக்கு அது பொருந்தாது. ஆகஸ்டில் எங்களிடம் இருந்த அதே கூரை, அதே நாற்பது இருக்கைக்கான இடம்தான் 2025 ஆகஸ்டிலும் இருக்கிறது. முதல் மாதம் பூஜ்யம், கடைசி மாதம் 1,94,481 என்று எழுதினால், இடம் கொடுத்த பலன் மாதாமாதம் மாறியதுபோல் கணக்கு பேசும். மாறியது பணம் கொடுக்கும் நாள்தான், பலன் மாறவில்லை.

எங்களைப் போல இன்னும் பழைய கணக்கியல் தரநிலைகளில் இருக்கும் கம்பெனிகளுக்கு ஏஎஸ் 19 பொருந்தும். ஆபரேட்டிங் லீஸில் வாடகைக்கு எடுத்தவர், லீஸ் காலம் முழுவதற்கும் செலவை நேர்கோட்டு முறையில், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரே அளவாக எழுத வேண்டும் என்கிறது அது. பயன்பாட்டின் போக்கை வேறொரு முறை இதைவிடச் சரியாகக் காட்டுமானால் மட்டுமே விலக்கு. நான்கு சுவருக்குள் நாற்பது பேர் உட்காரும் அலுவலகத்துக்கு அப்படியொரு வேறு முறையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

நாங்கள் சிறிய கம்பெனிதானே, சலுகை இருக்குமே என்று கேட்டேன். சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கு ஏஎஸ் 19 தருகிற சலுகை, குறிப்புகளில் என்னென்ன வெளியிட வேண்டும் என்பதில்தான். செலவை எப்படிக் கணக்கிடுவது என்பதில் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களை நான் பிறகும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்ட் ஏஎஸ் பின்பற்றும் பெரிய கம்பெனிகளுக்குக் கதையே வேறு. 2019 ஏப்ரல் 1 முதல் அவர்களுக்கு இன்ட் ஏஎஸ் 116. குறுகிய காலக் குத்தகை, மதிப்புக் குறைந்த பொருள் என்ற இரண்டைத் தவிர, வாடகைக்கு எடுத்தவர் இடத்தைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாகவும், கொடுக்க வேண்டிய வாடகையைக் கடனாகவும் பேலன்ஸ் ஷீட்டில் காட்ட வேண்டும். எனவே நான் சொல்லப்போகிற கணக்கை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

ஆடிட்டர் அன்று என்னையே கணக்குப் போடச் சொன்னார். அறுபது மாதத்துக்கும் கொடுக்க வேண்டியதைக் கூட்டு, அறுபதால் வகு. அவ்வளவுதான் வேலை. எக்ஸெலில் அறுபது வரி போட்டேன். முதல் நான்கு மாதம் பூஜ்யம், அடுத்த எட்டு மாதம் 1,60,000, இரண்டாம் வருடம் 1,68,000, பிறகு 1,76,400, 1,85,220, 1,94,481. கூட்டினால் 99,69,212. அறுபதால் வகுத்தால் மாதம் 1,66,153 ரூபாய் 53 பைசா. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அது தவறு.

ஒப்பந்தத்தில் இரண்டு தேதிகள் இருந்தன. ஒன்று லீஸ் தொடங்கும் நாள், ஆகஸ்ட் 1. மற்றது வாடகை தொடங்கும் நாள், டிசம்பர் 1. 5 சதவீத உயர்வு எந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் கழித்து? நான் ஆகஸ்டிலிருந்து எண்ணிவிட்டேன். பதினொன்றாம் பக்கத்தில், வாடகை தொடங்கும் நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தது. அதாவது முதல் உயர்வு 2022 டிசம்பரில்தான். 1,60,000 என்பது எட்டு மாதம் அல்ல, பன்னிரண்டு மாதம். கடைசியில் 1,94,481 என்பது பன்னிரண்டு மாதம் அல்ல, எட்டு மாதம். ஒரே ஒரு வரியை நான் படிக்காமல் விட்டதில் மொத்தத்தில் 1,37,924 ரூபாய் கூடிப்போயிருந்தது.

திருத்திய கணக்கு இது. முதல் நான்கு மாதம் பூஜ்யம். பிறகு பன்னிரண்டு பன்னிரண்டு மாதமாக 19,20,000, 20,16,000, 21,16,800, 22,22,640. கடைசி எட்டு மாதம் 15,55,848. மொத்தம் 98,31,288. அறுபதால் வகுத்தால் மாதம் 1,63,854 ரூபாய் 80 பைசா. ஆகஸ்ட் 2021 முதல் ஜூலை 2026 வரை ஒவ்வொரு மாதமும் வாடகைச் செலவு இதுதான். பில் பூஜ்யமாக இருந்தாலும் சரி, 1,94,481 ஆக இருந்தாலும் சரி.

எக்ஸெலில் B-யில் மாதம், C-யில் கொடுக்க வேண்டிய வாடகை, D-யில் செலவு, E-யில் நிலுவை என்று நான்கு பத்தி போதும். D-யின் ஒவ்வொரு வரியிலும் முதல் சூத்திரம். E2-இல் இரண்டாவது. E3-இல் மூன்றாவதைப் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்.

```
=SUM($C$2:$C$61)/60
=D2-C2
=E2+D3-C3
```

இப்போது டாலியில் எழுதுவது. வாடகை இல்லாத மாதங்களில் வாடகைச் செலவில் 1,63,854.80 பற்று. அதே தொகை `Rent Equalisation A/c` என்ற சமன் கணக்கு லெட்ஜரில் வரவு. ஓனர் கணக்கைத் தொடவே கூடாது. அவருக்கு அந்த மாதம் நாம் எதுவும் தர வேண்டியதில்லை. டிடிஎஸ் இல்லை, ஜிஎஸ்டி பில்லும் இல்லை.

டிசம்பர் 2021-இல் பில் வந்தது. 1,60,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 28,800. டிடிஎஸ் 10 சதவீதம், ஜிஎஸ்டி சேர்க்காத வாடகை மேல், 16,000. ஓனருக்குப் போனது 1,72,800. இதெல்லாம் பில்லின்படி. செலவு மட்டும் 1,63,854.80. நடுவில் இருக்கிற 3,854.80 சமன் கணக்கில் வரவு. ஜிஎஸ்டியை நாங்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், அதனால் அது சராசரியில் சேரவில்லை. திரும்ப எடுக்க முடியாத தொழில் செய்கிறவர்களுக்கு அந்த வரியும் செலவுதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பராமரிப்புக் கட்டணத்தையும் நான் முதலில் இதற்குள் போட்டுவிட்டேன். அது வருடா வருடம் உண்மையான செலவைப் பார்த்து ஓனர் வசூலிப்பது. முன்கூட்டியே தெரியாத தொகை. அதை வந்த மாதத்திலேயே எழுத வேண்டும். விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வாங்குகிற வாடகையும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே ரூபாயாகச் சொல்ல முடிகிற தொகைதான் அறுபதால் வகுபடுகிற கூட்டலுக்குள் வரும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியதாக முடிந்திருக்கும். நான்கு மாதம் இன்டீரியர் வேலைக்கான காலம்தானே, செலவை டிசம்பரிலிருந்து ஐம்பத்தாறு மாதத்துக்குப் பரப்பினால் என்ன என்று நினைத்தேன். அப்படியானால் மாதம் 1,75,559 வருகிறது. நான் சொன்னதை ஆடிட்டர் முழுதாகக் கேட்டுவிட்டு, "சாவி யார் கையில இருந்துச்சு?" என்றார். எங்கள் கையில். ஆகஸ்ட் 1 அன்றே வாங்கிவிட்டோம். தச்சு வேலை, வயரிங், கண்ணாடித் தடுப்பு எல்லாம் ஐந்தாறு வாரத்தில் முடிந்து, செப்டம்பர் நடுவிலேயே ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இடத்தை நம் வசப்படுத்தி வேலை செய்வதும் பயன்பாடுதான். வாடகை இல்லாத மாதங்களை விட்டுவிட்டு மீதியைப் பரப்புவது, அந்தச் சலுகையை ஏற்கெனவே அனுபவித்துவிட்டு அதற்குக் கணக்கே எழுதாமல் இருப்பதற்குச் சமம்.

மூன்றாவது, காலம் எத்தனை மாதம் என்பது. இங்கேதான் நான் அதிகம் யோசித்தேன். மற்றவை கூட்டல் வகுத்தல், இது தீர்மானம். லாக்-இன் முப்பத்தாறு மாதம்தான். ரத்து செய்ய முடியாத காலம் அதுதான். அதை மட்டும் எடுத்தால் மொத்தம் 53,47,200, மாதம் 1,48,533 ரூபாய். அறுபது மாதத்துக்கு எடுத்தால் 1,63,854.80. மாதத்துக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். எங்கள் எம்.டி.க்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"ஏம்மா, மூணு வருசம்தான கட்டாயம்? அதுக்கப்புறம் நம்ம இஷ்டம். மூணு வருசத்துக்கே போட்டுருங்க" என்றார்.

தரநிலை சொல்வது, ரத்து செய்ய முடியாத காலத்தோடு, நாம் தொடர்வோம் என்பது ஒப்பந்தம் தொடங்கும்போதே நியாயமான அளவுக்கு நிச்சயமாகத் தெரிகிற காலத்தையும் சேர்க்க வேண்டும் என்பது. அந்த நிச்சயத்தைப் பார்ப்பது எப்படி? நாங்கள் அந்த இடத்தில் 34 லட்சம் ரூபாய்க்கு இன்டீரியர் செய்திருந்தோம். பிரித்துக்கொண்டு போக முடியாத வேலை. அதன் தேய்மானத்தை ஐந்து வருடத்துக்குப் போட்டிருந்தது நான்தான். மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவோம் என்றால் அந்தத் தேய்மானமும் மூன்று வருடத்தில் முடிந்தாக வேண்டும். வருடத்துக்கு 6,80,000 எழுதுகிற இடத்தில் 11,33,333 எழுத வேண்டும். இதைச் சொன்னதும் எம்.டி. பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அஞ்சு வருசமே இருக்கட்டும்" என்றார். ஒரே கட்டிடத்துக்கு, வாடகைக்கு ஒரு காலம், இன்டீரியருக்கு வேறு காலம் என்று ஒரே பேலன்ஸ் ஷீட்டில் இருந்தால் இரண்டில் ஒன்று உண்மையல்ல. யாருடைய கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான்.

அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். நியாயமான கேள்வி. 5 சதவீதம் விலைவாசிக்காக ஏறுவது, அடுத்த வருடம் நம் பில் விலையும் ஏறும், அப்புறம் ஏன் நாளைய உயர்வை இன்றைக்கே செலவில் சேர்க்க வேண்டும்? இன்ட் ஏஎஸ் 17 நடப்பில் இருந்தபோது, பொதுப் பணவீக்கத்தை ஒட்டிய உயர்வாக இருந்தால் பரப்ப வேண்டாம் என்று அதில் ஒரு விலக்கு இருந்தது. ஏஎஸ் 19-இல் அந்த விலக்கு இல்லை. 5 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதிவிட்டால் அது அறுபது மாதக் கூட்டலுக்குள் வந்தே தீரும்.

வருடவாரியாக எங்கள் கணக்கு ஓடியது, ஓடப்போவது இப்படி. ரூபாய்க்கு முழுமையாக்கியிருக்கிறேன்.

| நிதியாண்டு | வாடகை பில் | செலவு | ஆண்டு முடிவில் நிலுவை |
|---|---|---|---|
| 2021-22 (8 மாதம்) | 6,40,000 | 13,10,838 | 6,70,838 |
| 2022-23 | 19,52,000 | 19,66,258 | 6,85,096 |
| 2023-24 | 20,49,600 | 19,66,258 | 6,01,754 |
| 2024-25 | 21,52,080 | 19,66,258 | 4,15,931 |
| 2025-26 | 22,59,684 | 19,66,258 | 1,22,505 |
| 2026-27 (4 மாதம்) | 7,77,924 | 6,55,419 | 0 |

நிலுவை இரண்டு காரணத்தால் ஏறுகிறது. முதல் நான்கு மாதத்திலேயே 6,55,419 சேர்ந்துவிட்டது, அது வாடகை இல்லாததால். பிறகு பன்னிரண்டு மாதம் 3,854.80 வீதம் கொஞ்சம் கொஞ்சமாக, அது பின்னால் வரும் உயர்வால். 2022 நவம்பர் முடிவில் 7,01,677-இல் உச்சம். டிசம்பரில் பில் 1,68,000 ஆகி, சராசரியைத் தாண்டியது. அன்றிலிருந்து எழுதுவது தலைகீழ்: பில் செலவைவிட அதிகம், மிச்சத்துக்குச் சமன் கணக்கில் பற்று. அந்த டிசம்பரில் எங்கள் ஜூனியர் பழக்கத்தில் மறுபடி வரவிலேயே எழுதிவிட்டார். எக்ஸெலில் இருந்த நிலுவையும் டாலியில் இருந்த நிலுவையும் 8,290 ரூபாய் ஒத்துப்போகவில்லை. 4,145.20-இன் இரட்டிப்பு. வித்தியாசம் எப்போதும் ஒரு மாதத் தொகையின் இரட்டிப்பாக இருந்தால் பக்கம் மாறியிருக்கிறது என்று பொருள்.

இந்த நிலுவை பேலன்ஸ் ஷீட்டில் எங்கே உட்கார வேண்டும் என்பதிலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பலரும் இதை ரென்ட் ஈக்வலைசேஷன் ரிசர்வ் என்று சொல்வதால், ரிசர்வ்ஸ் தலைப்பின் கீழ் போட்டிருந்த ஒரு கணக்கை நான் பார்த்தேன். அது லாபத்திலிருந்து ஒதுக்கியது அல்ல. செலவாகிவிட்டு இன்னும் பணம் கொடுக்காதது. கடன் பக்கம்தான் அதன் இடம். ரிசர்வில் போட்டால் கம்பெனியின் சொந்த முதல் அத்தனை கூடியதாகத் தெரியும், வங்கி அந்த எண்ணையும் பார்த்துத்தான் கடன் வரம்பு முடிவு செய்யும். இதனால்தான் எங்கள் லெட்ஜர் பெயரில் ரிசர்வ் என்ற சொல்லே இல்லாமல் வைத்தேன். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் குறையப்போவது நடப்புக் கடன், மீதி நீண்ட காலக் கடன். 2024 மார்ச்சில் 6,01,754 இருந்தது. அதில் 1,85,822 அடுத்த வருடத்துக்குள் கரையும், 4,15,931 அதற்குப் பிறகு. 2022 மார்ச்சில் அடுத்த வருடம் நிலுவை குறையப்போவதில்லை, கூடத்தான் போகிறது. எனவே அன்று முழுவதையும் நீண்ட காலக் கடனில் வைத்தோம்.

வருமான வரிக்கு எங்கள் ஆடிட்டர் எச்சரிக்கையான வழியை எடுத்தார். பில் வந்த வாடகையை மட்டும் கழித்தார், 6,70,838-ஐ வரிக் கணக்கில் லாபத்தோடு திரும்பச் சேர்த்தார். பின்னால் நிலுவை குறையும் வருடங்களில் அது கூடுதல் கழிவாக வரும். எங்கள் வரி விகிதம் 25.168 சதவீதம். ஆக 1,68,837 ரூபாய் ஒத்திவைத்த வரிச் சொத்தாக ஏஎஸ் 22-இன்படி பதிவானது. வருகிற வருடங்களில் லாபம் இருக்கும் என்ற நியாயமான நிச்சயம் இருந்ததால்தான் அதையும் எழுதினார். நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனிக்கு இவ்வளவு எளிதில் எழுத விட்டிருக்க மாட்டார்.

கணக்கில் செய்த தவறு மே மாதம் திருந்திவிட்டது. வருடக் கணக்கு இன்னும் கையெழுத்தாகாததால் அந்த வருடத்திலேயே சரிசெய்ய முடிந்தது. திருத்த முடியாத ஒன்றை அதற்குள் செய்துவிட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் சங்கடப்படும்.

2021 அக்டோபரில் ஒரு வாடிக்கையாளர் ஆறு இருக்கைக்கு ஒரு வருட ஒப்பந்தம் கேட்டார். எம்.டி. என்னிடம் ஒரு இருக்கைக்கு மாதம் என்ன செலவு என்று கேட்டார். நான் செப்டம்பர் மாதக் கணக்கை எடுத்தேன். பழைய அலுவலகத்தை ஆகஸ்ட் முடிவில் காலி செய்துவிட்டோம். புது அலுவலகத்துக்கு வாடகை பில் இல்லை. சம்பளம், மென்பொருள் உரிமம், மின்சாரம், இணையம் எல்லாம் இருந்தது, வாடகை என்ற வரி மட்டும் காலியாக இருந்தது. அதை நான் கவனிக்கக்கூட இல்லை. மாத வாடகைச் செலவு 1,63,854.80-ஐ நாற்பதால் வகுத்தால் ஒரு இருக்கைக்கு 4,096 ரூபாய். ஆறு இருக்கை, பன்னிரண்டு மாதம்: ஏறத்தாழ 2.95 லட்சம். அவ்வளவும் இல்லாத விலையில் ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்தும் ஆகிவிட்டது. வருடம் முழுக்க அந்த வேலையில் ஆட்கள் நன்றாக உழைத்தார்கள், லாபம் மட்டும் ஏன் வரவில்லை என்று டீம் லீடர் தன் பையன்களை நெருக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் மேல் தவறு எதுவும் இல்லை. என் தாளில் ஒரு வரி காலியாக இருந்தது.

வருட முடிவில் ஒரே பதிவாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆடிட்டருக்கு அது போதும். விலை சொல்கிறவருக்குப் போதாது. சாவி வாங்கிய மாதத்திலிருந்தே, மாதாமாதம் எழுதுங்கள்.

நேர்கோட்டுச் சராசரி சொல்லாத ஒன்றும் உண்டு. இடம் தேடியபோது இன்னொரு கட்டிடமும் பார்த்திருந்தோம். இலவச மாதம் கிடையாது, உயர்வும் கிடையாது, ஐந்து வருடமும் மாதம் 1,62,000. மொத்தம் 97,20,000. எங்களுடையதைவிட 1,11,288 குறைவு. சராசரியைப் பார்த்த பிறகு எம்.டி. "அப்ப தப்பான பில்டிங்க எடுத்துட்டமா?" என்று வருத்தப்பட்டார். இல்லை. நேர்கோட்டு முறை எல்லா மாதத்து ரூபாயையும் ஒரே மதிப்பில் கூட்டுகிறது. 2021 செப்டம்பரில் கையில் இருக்கிற ரூபாயும் 2026 ஜூனில் கொடுக்கிற ரூபாயும் அதற்கு ஒன்று. எங்களுக்கு ஒன்றல்ல. அந்த நான்கு மாதம் மட்டும் 6,48,000 ரூபாய் கையில் மிஞ்சியது. இன்டீரியருக்கு வங்கிக் கடன் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தொகைக்குக் கடன் வாங்கி மூன்று வருடம் வட்டி கட்டியிருந்தால் 1,11,288-ஐத் தாண்டியிருக்கும். இடம் தேர்வு செய்யப் பணம் போகும் நாட்களைப் பார்க்க வேண்டும். லாபம் கணக்கிடவும் விலை சொல்லவும் சராசரியைப் பார்க்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுக்கக் கூடாது.

2024 ஜூலையில் லாக்-இன் முடிந்ததும், ஊருக்கு வெளியே போனால் பாதி வாடகை என்று ஒரு பேச்சு வந்தது. கிளம்பினால் இந்த நிலுவை என்ன ஆகும் என்று எம்.டி. கேட்டார். 2025 மார்ச் 31 அன்று காலி செய்திருந்தால் 4,15,931 ரூபாய் நிலுவை இருக்கும், அதை ஓனருக்குத் தர வேண்டியதில்லை, மொத்தமும் அந்த மாதமே வாடகைச் செலவிலிருந்து குறைந்துவிடும். உடனே அவர் முகம் மலர்ந்தது. அதோடு இன்டீரியரில் இன்னும் தேயாமல் நிற்கிற ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட தொகையும் அதே மாதம் செலவாகும் என்று சேர்த்துச் சொன்னேன். பேச்சு அத்தோடு நின்றது.

எக்ஸெல் தாளில் அறுபதாவது மாதத்தின் வரியை மஞ்சள் நிறத்தில் வைத்திருக்கிறேன். 2026 ஜூலைப் பதிவு எழுதியதும் அந்த நிலுவை பூஜ்யமாக வேண்டும். கடைசியில் ஒரு ரூபாய் நின்றாலும், எங்கோ ஒரு உயர்வின் தேதியையோ ஒரு மாதத்தின் பக்கத்தையோ தவறவிட்டிருக்கிறோம் என்று பொருள். மாதக் கடைசியில் டாலி நிலுவையையும் இந்தத் தாளையும் பக்கத்தில் வைத்து டிக் போட்ட பிறகுதான் இப்போது நான் வாடகை லெட்ஜரை மூடுகிறேன்.